பெரியவருக்கு இடது பக்கம்

போட்டோ ஸ்டூடியோவில் தொழில் பழகும் பையன் ஒருவனிடம் ஒரு குரூப் போட்டோவைக் கொடுத்து, அதிலிருந்து ஓர் ஆளை எடுத்துவிடச் சொல்கிறார்கள். அவன் வேறோர் ஆளை எடுத்துவிடுகிறான். சிறுகதைக்கு அருமையான கரு இது. ஆனால் இதை எழுதத் தொடங்கும் யாருக்கும் முதல் பத்தியிலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும். கண்ணெதிரே முகம் முகமாகத் தெரியும் படத்தில் ஆள் எப்படி மாறும்? பையன் தூங்கிவிட்டான், கவனமில்லை என்று ஒரு வரியில் கடந்துவிடலாம். அப்படிக் கடந்தால் கதை அங்கேயே செத்துவிடும். பழைய ஸ்டூடியோத் தொழிலைக் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு, கவனமான பையன்தான் அந்தத் தவறைச் செய்வான் என்பது தெரியும். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. விளக்குவதற்காக அந்தக் கதையை நானே ஒரு வடிவில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

இடம் தென்மாவட்டத்துச் சிற்றூர் என்று வைத்துக்கொள்வோம். காலம் 1960களின் கடைசி. ஸ்டூடியோக்காரரை ஊரே அண்ணாச்சி என்கிறது. பையனுக்குப் பதினாறு பதினேழு வயதிருக்கும். டார்க் ரூமில் தட்டு கழுவுவதில் தொடங்கி, இப்போது ‘டச்சிங்’ மேஜை வரை வந்துவிட்டான்.

முதலில் அந்த மேஜையைப் பார்த்துவிடலாம். சாய்வான மரச்சட்டம், நடுவில் ஒரு சன்னல், அதில் சொரசொரப்பான பால்கண்ணாடி. கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, வாசல் வெளிச்சத்தை வாங்கி மேலே திருப்பிவிடும். நெகடிவை அந்தச் சன்னலில் வைத்தால் பின்னாலிருந்து ஒளி ஊடுருவும். ஊசிபோலச் சீவிய பென்சிலால் பருத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் குழியையும் நிரப்புவதுதான் அன்றாட வேலை. நெகடிவில் பென்சில் கறுப்பு விழுந்த இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். கறுப்பைக் குறைத்தால் பிரிண்ட் கறுக்கும். இந்தத் தலைகீழ்க் கணக்கு கைக்குப் பழகவே பல மாதம் ஆகும்.

இரண்டாவது தலைகீழ் ஒன்று உண்டு. நெகடிவுக்கு இரண்டு முகம். ஒன்று வழவழப்பான கண்ணாடிப் பக்கம். மற்றது மங்கலாக, ஈரம் பட்டால் ஊறும் எமல்ஷன் பக்கம். வெள்ளியால் ஆன உருவம் இந்த எமல்ஷனில்தான் இருக்கிறது. எனவே கத்தியால் சுரண்டுவதானாலும் மருந்து தடவுவதானாலும் இந்தப் பக்கத்தைத் தன்னை நோக்கி வைத்துத்தான் வேலை செய்ய முடியும். கண்ணாடிப் பக்கத்திலிருந்து பார்த்தால் காட்சி சரியாகத் தெரியும். எமல்ஷன் பக்கத்திலிருந்து பார்த்தால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறித் தெரியும். அதாவது ஆளை எடுப்பவன், எடுக்கும் நேரம் முழுவதும் திரும்பிய உலகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாமே என்று தோன்றும். ஹாஃப் பிளேட் நெகடிவ் ஆறரை அங்குல நீளம், நாலே முக்கால் அங்குல அகலம். அதில் பதினாலு பேர் கொண்ட குடும்பம் நின்றால் ஒரு முகம் சுண்டுவிரல் நகத்தளவுதான். அந்த நகத்தளவிலும் தலைமுடி வெள்ளை, பல் கறுப்பு, கண்ணின் வெண்பகுதி கறுப்பு. பழகிய முகத்தைக்கூட நெகடிவில் சட்டென்று சொல்ல முடியாது. பெரியவரின் நெற்றியில் திருநீறு மூன்று கறுப்புக் கோடாகத் தெரியும், அவரை மட்டும் சொல்லிவிடலாம். மற்ற இளவட்டங்கள் எல்லாரும் ஒரே வெள்ளைச் சட்டையில், ஒரே சீவலில் நின்றால் அவர்கள் வெறும் இடங்கள்தான். முன்வரிசை, பின்வரிசை, இடப்பக்கம், வலப்பக்கம். டச்சிங் மேஜையில் ஒரு மனிதனுக்கு இதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

இப்போது கதைக்குள் போவோம். ஒரு தாய் வருகிறாள். பத்து வருடத்துக்கு முன் அவர்கள் வீட்டு வாசலில் இதே அண்ணாச்சி எடுத்த படம். நெகடிவ் ஸ்டூடியோவில்தான் இருக்கிறது. நடுவில் நாற்காலியில் அவளுடைய மாமனார். நாற்காலிக்குப் பின்னால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு வாலிபர்கள். ஒருவன் அவளுடைய மகன், இப்போது பம்பாயில் வேலை. மற்றவர் அன்றைக்குப் புதுமாப்பிள்ளையாக வந்து நின்ற மருமகன். இடையில் சம்பந்தி வீட்டோடு பெரிய மனஸ்தாபம் வந்து பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. மருமகனை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டித் தர வேண்டும்.

“எந்த ஆளும்மா?” என்று அண்ணாச்சி கேட்கிறார்.

“எங்க மாமாவுக்கு இடது பக்கம் நிக்காகள்ல, அவுகதான்.”

வீட்டுப் பிரிண்ட் கரையான் அரித்துப் போயிற்று. அதனால் அவள் கையில் படம் இல்லை. அண்ணாச்சி சீட்டில் ‘பெரியவருக்கு இடது பக்கம் நிற்பவர்’ என்று எழுதி நெகடிவ் உறையில் செருகிவிட்டு முகூர்த்த வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்.

பையன் சீட்டைப் பார்க்கிறான். அவன் கவனமானவன். ஒருமுறை மறு பக்கத்துக் கன்னத்தில் பென்சில் ஓட்டி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, எமல்ஷன் பக்கம் இடம் வலம் மாறும் என்பதை மறப்பதே இல்லை. அதைச் சரிபார்க்க அண்ணாச்சி அவனுக்கு ஒரு வழியும் சொல்லித் தந்திருக்கிறார். சட்டைப் பை நெஞ்சின் இடப்பக்கம் இருக்கும், புடவைத் தலைப்பு இடது தோளில் விழும். எதிரே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் வலப்பக்கமாகத் தெரிய வேண்டும். அவை இடப்பக்கமாகத் தெரிந்தால் நெகடிவ் திரும்பி இருக்கிறது. பையன் பார்க்கிறான். பைகள் எல்லாம் இடப்பக்கம். சரி, திரும்பித்தான் இருக்கிறது. படத்தில் இடது என்றால் இங்கே வலது. பெரியவருக்கு வலப்பக்கமாகத் தெரியும் ஆளை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறான்.

அவன் போட்ட கணக்கில் பிழையே இல்லை. பிழை சீட்டில் இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பேசுகிறவர் ‘இடது’ என்றால் அது பார்ப்பவரின் இடது. பத்திரிகையில் ‘இடமிருந்து வலம்’ என்று போடுவதும் அந்தக் கணக்குத்தான். ஆனால் அந்தத் தாய் படத்தைப் பார்த்துப் பேசவில்லை. அந்த நாளை நினைத்துப் பேசினாள். அவள் மனத்தில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய இடது கைப்பக்கம் மருமகன் நிற்கிறார். உட்கார்ந்திருப்பவரின் இடது, பார்ப்பவனுக்கு வலது. ஆக, சீட்டில் ஒரு திருப்பம், நெகடிவில் ஒரு திருப்பம். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, நெகடிவில் இடப்பக்கமாகத் தெரிந்தவர்தான் மருமகன். எமல்ஷன் சமாசாரம் எதுவும் தெரியாத புதுப்பையன் ஒருவன் சீட்டில் எழுதியபடி இடப்பக்கத்து ஆளை எடுத்திருந்தால் வேலை சரியாக முடிந்திருக்கும். இவனுக்குத் தொழில் தெரிந்ததால்தான் மகன் போய்விட்டான்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அசட்டையால் நடந்த தவறு என்றால் வாசகர் பையன் மேல் கோபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இங்கே யார் மேல் கோபப்படுவது? தாய் சொன்னது உண்மை. அண்ணாச்சி எழுதியது அவள் சொன்னதேதான். பையன் செய்தது அவனுக்குக் கற்றுக்கொடுத்ததுதான்.

அழிப்பு எப்படி நடந்தது என்பதும் கதைக்கு முக்கியம். திரும்பப் பெற முடியுமா முடியாதா என்பது அதில்தான் இருக்கிறது. எல்லா அழிப்பும் ஒன்றல்ல. பின்னால் வெள்ளைத் திரை இருந்திருந்தால், திரை நெகடிவில் கறுப்பாக இருக்கும். ஆளின் உருவத்தின் மேல் ஒளிபுகாத வண்ணத்தைப் பூசினால் போதும், அவன் திரையோடு திரையாகக் கரைந்துவிடுவான். கண்ணாடிப் பக்கம் பூசியிருந்தால் ஈரத் துணியால் துடைத்ததும் பழைய ஆள் அப்படியே நிற்பான். ஆனால் இந்தக் குடும்பம் நின்றது வீட்டு வாசலில். பின்னால் திறந்த கதவும் உள்கூடத்து இருட்டும். இருட்டு நெகடிவில் வெறும் கண்ணாடியாக இருக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரன் கனத்த கறுப்பாக இருக்கிறான். அவனை இருட்டில் கரைக்க வேண்டுமானால் அந்தக் கறுப்பை, அதாவது வெள்ளியையே, எடுத்தாக வேண்டும்.

அதற்கு ரெட்யூசர் என்றொரு மருந்து உண்டு. ஹோவர்ட் ஃபார்மர் என்ற ஆங்கிலேயர் 1883இல் சொன்ன கலவை. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலையும் ஹைப்போ கரைசலையும் வேலைக்கு முன்தான் கலக்க வேண்டும். எலுமிச்சை மஞ்சளில் இருக்கும். கலந்த பிறகு கொஞ்ச நேரத்திலேயே வீரியம் போய்விடும். பையன் நெகடிவைத் தண்ணீரில் ஊறவைக்கிறான். மேலே நிற்கும் நீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்கிறான். சிறு தூரிகையால் மருந்தைத் தொட்டு, உருவத்தின் ஓரத்தைத் தொடாமல் நடுவில் தடவுகிறான். கறுப்பு சாம்பலாகிறது. உடனே ஓடும் நீரில் காட்டுகிறான். திரும்பவும் ஒரு தடவை, திரும்பவும் நீர். பொறுமை இழந்து ஒரு சொட்டு கூடப் போட்டால் மருந்து பரவிப் பக்கத்து ஆளின் தோளையும் தின்றுவிடும். அவன் பொறுமை இழக்கவில்லை. மறுநாள் காய்ந்ததும் ஓரங்களைக் கத்தியால் மெல்லச் சீவுகிறான். சீவல் தடம் விழுந்த இடத்தைப் பென்சிலால் ஆற்றுகிறான். நாற்காலிச் சட்டத்தின் மேல் பிடித்திருந்த நாலு விரல்களை மட்டும் விட்டுவிடுகிறான். பெரியவரின் தோளுக்கு அவ்வளவு பக்கத்தில் கத்தி வைக்கத் துணிவு வரவில்லை. சட்டத்தின் வேலைப்பாடுபோலத் தெரியும் என்று நினைக்கிறான்.

ஆளை எடுத்த பழைய படங்களை இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். முகம் போயிருக்கும், விரல் மிஞ்சும். தோளின் மேல் யாருடையது என்று தெரியாத கை கிடக்கும். ஆளில்லாத இடத்தில் கால்செருப்பு தெரியும். நெருக்கி நிற்கும் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் காரணமில்லாத இடைவெளி இருக்கும். இருபுறமும் உள்ளவர்கள் இல்லாத ஒருவருக்கு இடம்விட்டு ஒருக்களித்து நிற்பார்கள்.

ஆளை எடுப்பதில் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு உலகறிந்த ஒரு படத்தைச் சொல்லலாம். 1897 பிப்ரவரியில் பீட்டர்ஸ்பர்க்கில் எடுத்தது. சைபீரியாவுக்கு நாடு கடத்தப்படும் முன் கிடைத்த சில நாள் அவகாசத்தில் லெனினும் தோழர்களும் ஏழு பேராக ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம். நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், மூவர் நிற்கிறார்கள். நமக்கு இடக்கோடியில் நிற்பவர் அலெக்சாண்டர் மால்ச்சென்கோ என்ற பொறியாளர். ஸ்டாலின் ஆட்சியில் நாசவேலைக் குற்றம் சாட்டி 1930இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு வெளியான பிரதிகளில் அவர் நின்ற இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது. 1958இல் குற்றமற்றவர் என்று அறிவித்த பின் திரும்பவும் படத்தில் வந்து நின்றார். வலக்கோடியில் நின்றவர் வனேயெவ். அவர் 1899இலேயே நாடு கடத்தப்பட்ட இடத்தில் காசநோயால் இறந்துபோனவர், ஆட்சிக்கு எந்த இடைஞ்சலும் இல்லாதவர். ‘நிற்பவர்களில் கோடியில் உள்ளவர்’ என்று மட்டும் ஒரு சீட்டு போயிருந்து, நெகடிவின் எமல்ஷன் பக்கத்தை மேலே வைத்து ஒருவன் வேலை செய்திருந்தால், வனேயெவ் போயிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. மால்ச்சென்கோ திரும்பி வர முடிந்ததற்குக் காரணம், அழிக்கப்பட்டது பிரதிகளில் மட்டும்தான். அழிக்காத படம் எங்கோ பத்திரமாக இருந்தது.

நம் கதையில் நிலைமை வேறு. பையன் கைவைத்தது மூல நெகடிவில். மருந்தில் கரைந்த வெள்ளி கழுவு நீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது. அதைத் திரும்பப் படியவைக்க எந்த வழியும் இல்லை. விவரமான ஸ்டூடியோக்காரர்கள் இதனால்தான் மூல நெகடிவைத் தொடவே விடமாட்டார்கள். பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு, அந்தத் தாளில் தூரிகையாலோ காற்றுத் தூரிகையாலோ ஆளை மறைத்து, அதைத் திரும்பப் படமெடுத்துப் புது நெகடிவ் செய்துகொள்வார்கள். தாளும் நேரமும் கூடுதலாகும். முகூர்த்த மாதத்தில் அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்ததுதான் அண்ணாச்சியின் பங்கு.

பிரிண்ட் தயாராகி, சட்டமும் மாட்டியாகிவிட்டது. தாய் வந்து பார்க்கிறாள்.

“எம் புள்ளைய எங்க, அண்ணாச்சி?”

அவர் படத்தை வாங்கிப் பார்க்கிறார். பையன் சீட்டை எடுத்து நீட்டுகிறான். அதைப் படிக்க அவளுக்குத் தெரியாது.

“உசுரோட இருக்கற புள்ளைய அழிச்சுட்டீகளே. ஊரு விட்டு ஊரு போயி ஒத்தையில கெடக்கான்…” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

அவள் அழுகையை ஒரு படத்துக்கான வருத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வீடுகளில் படத்துக்கும் உயிருக்கும் இருக்கும் கணக்கு அப்படி. இறந்தவர் படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடுவோம். உயிரோடிருப்பவர் படம் கீழே விழுந்து உடைந்தாலே பதறிப்போவோம். கூட்டத்தில் நின்ற மகன் இருட்டாகிப் போனது அவளுக்கு அபசகுனம். பம்பாய்க்குக் கடிதம் போட்டுப் பதில் வரும்வரை அவள் தூங்கமாட்டாள்.

அண்ணாச்சி கணக்கு நோட்டைப் புரட்டுகிறார். அன்றைக்கு மூன்று பிரிண்ட் போட்டிருக்கிறார். ஒன்று கரையானுக்குப் போனது. ஒன்று பெரியவரோடு யார் வீட்டுக்கோ போய்த் தொலைந்தது. மூன்றாவது மருமகனின் அப்பா வாங்கிக்கொண்டு போனது. மகன் நிற்கும் ஒரே படம், எந்த மருமகனை எடுக்கச் சொன்னாளோ அந்த மருமகன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

கதை எழுதுகிறவர் இந்த இடத்தில் சமாதானத்தைக் கொண்டுவர ஆசைப்படுவார். நான் கொண்டுவர மாட்டேன். அண்ணாச்சியே பையனைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் அந்த ஊருக்குப் போகிறார். நெகடிவ் கெட்டுவிட்டது, பிரதி எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். மருமகன் சுவரிலிருந்து படத்தை இறக்கித் தூசி துடைத்துக் கொடுக்கிறார். தனக்கும் ஒரு பிரதி வேண்டும், இது மங்கிவிட்டது என்கிறார். பையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையில் பை எந்தப் பக்கம் என்றுதான் பார்க்கிறான்.

பிரிண்டைப் பலகையில் குத்தி, மேலே கண்ணாடி அழுத்தி, இரண்டு பக்கமும் சமதூரத்தில் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் விளக்கு வைக்கிறார்கள். நேராக அடித்தால் தாளின் மினுமினுப்பு கேமராவுக்குள் வந்துவிடும். உருவம் வெளிறி மஞ்சளாகிவிட்டதால் நீல ஃபில்டர் போடுகிறார்கள். நீல ஒளியில் மஞ்சள் கறுப்பாக விழும், மங்கிய உருவத்துக்குக் கொஞ்சம் உயிர் வரும். ஆனாலும் பிரதி பிரதிதான். கன்னத்தின் மென்மையான நிழல்கள் போய்விடுகின்றன. வெளுப்பு ஒரேயடியாக வெளுக்கிறது, கறுப்பு ஒரேயடியாகக் கறுக்கிறது. மகனின் மீசைக்குக் கீழே லேசாக இருந்த சிரிப்பு, பழைய நெகடிவில் தெரிந்த அளவுக்கு இதில் தெரியவில்லை.

புதுப் பிரிண்டை அண்ணாச்சி அந்தத் தாய் முன்னால் வைக்கிறார். அவள் மகனைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். யார் வீட்டிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

“இப்ப யாரையும் எடுக்கணுமா, தாயி?”

அவள் யோசித்துத்தான் சொல்கிறாள். “எடுத்துருங்க.”

“அப்ப நீங்களே விரல வைங்க.”

அவள் விரல் வைத்த இடத்தில், மருமகனின் நெஞ்சில், பையன் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அந்தப் பிரிண்டையே சீட்டோடு சேர்த்துக் குத்துகிறான். இந்த முறை வேலை முழுக்கத் தாளில் நடக்கிறது. புது நெகடிவை அண்ணாச்சி தனி உறையில் போட்டு, மேலே ‘பதினாலு பேர், கை வைக்கக் கூடாது’ என்று எழுதி வைக்கிறார். மருமகன் கேட்ட பிரதி அதிலிருந்துதான் போடப்படுகிறது.